பாலை நகரில் இரவு ஓட்டம்: வெளிநாட்டில் உழைப்பவருக்கு ஓர் எட்டு வாரத் திட்டம்

காஞ்சிபுரம், உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் வளைகுடா நாடுகளில் உழைப்பவர்கள் பலர் உள்ளனர். விடுப்பில் ஊர் திரும்பும்போது அவர்களுள் சிலர் மருத்துவமனைக்கு வந்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்கின்றனர். சர்க்கரை எல்லையைத் தொட்டிருக்கிறது, இரத்த அழுத்தம் சற்றே ஏறியிருக்கிறது என்று அறிந்ததும், "நாள் முழுவதும் உடலால் உழைக்கிறேன், எனக்கு ஏன் உடற்பயிற்சி?" என்று கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். பளு தூக்குவதும், குனிந்து நிற்பதும், மணிக்கணக்கில் ஒரே தசைகளைப் பயன்படுத்துவதும் உடலைக் களைப்படையச் செய்யும். ஆனால், இதயமும் நுரையீரலும் சிறிது நேரம் நன்கு வேலை செய்து, பின்னர் முழுமையாக ஓய்வெடுக்கும் பயிற்சியை அவ்வுழைப்பு தருவதில்லை. மெதுவான ஓட்டம் அதைத் தரும்.

எந்த நேரத்தில், எவ்வாறு ஓடுவது என்பதே சிக்கல். இக்கட்டுரை அதைப் பற்றியது.

ஓர் எடுத்துக்காட்டு

ஐயங்கார்குளத்தைச் சேர்ந்த 34 வயதுத் தொழிலாளர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். துபாயில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் வேலை. எடை 68 கிலோ. இரத்த அழுத்தம் 136/86. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 6.1 விழுக்காடு. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை எனப்படும். மருந்து எதுவும் இன்னும் தொடங்கவில்லை. மருத்துவர் அவரது இதயத்தைப் பரிசோதித்து, ஓடத் தடையில்லை என்று கூறியிருக்கிறார்.

விடுப்பில் இருந்தபோது விடியற்காலையில் சஞ்சீவிராயர் கோயிலருகே குளக்கரையில் நடந்து பழகினார். செப்டம்பர் தொடக்கத்தில் துபாய் திரும்பினார். அங்கு அதிகாலை நான்கு மணிக்கு எழுகிறார். ஐந்து மணிக்குப் பேருந்து. மாலை ஏழு மணிக்குக் கேம்ப் திரும்புகிறார். பத்து மணிக்குள் உறங்கினால்தான் ஆறு மணி நேரத் தூக்கம் கிட்டும். ஆகவே அவரால் ஓட முடிந்த நேரம் இரவு எட்டரை மணி முதல் ஒன்பது மணி வரை மட்டுமே.

இரவு குளிர்ச்சியானது அன்று

வெயில் இறங்கிவிட்டால் ஆபத்தும் இறங்கிவிடும் என்பது இயல்பான நினைப்பு. வளைகுடாக் கரையோர நகரங்களில் அது பாதி உண்மையே. இரவில் கதிரவனின் நேரடிச் சூடு இல்லை. ஆனால் காற்றின் ஈரம் மிகுந்துவிடுகிறது. நம் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முதன்மையான வழி, வியர்வை ஆவியாதல். காற்று ஈரமாக இருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாக விழும். அவ்வாறு விழும் வியர்வை உடலின் நீரைக் குறைக்கிறதே தவிர, சூட்டைக் குறைப்பதில்லை.

2019 செப்டம்பர் 27 அன்று கத்தார் தலைநகர் தோஹாவில் உலகத் தடகளப் போட்டியின் பெண்கள் மாரத்தான், வெயிலைத் தவிர்ப்பதற்காகவே நள்ளிரவுக்குச் சற்று முன் தொடங்கப்பட்டது. வெப்பம் 32 டிகிரிக்கு அருகில், ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல். ஓடத் தொடங்கியவர் 68 பேர். ஓட்டத்தை முடித்தவர் 40 பேர் மட்டுமே. அவர்கள் அனைவரும் ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்றவர்கள். பகல் முழுவதும் கம்பி கட்டிவிட்டு வந்தவர்கள் அல்லர்.

இரவின் ஈரத்தை அறிய எளிய வழி ஒன்று உண்டு. கேம்ப் அறையில் குளிர்சாதனம் ஓடும்போது சன்னல் கண்ணாடி குளிர்ந்திருக்கும். வெளியே சென்று அக்கண்ணாடியின் வெளிப்புறத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். அது நீர் கோத்து வியர்த்திருந்தால், காற்றில் ஈரம் மிகுதி என்று பொருள். அன்று ஓட்டம் வேண்டாம், நடை மட்டும் போதும். கண்ணாடி உலர்ந்திருந்தால், அன்றைய பயிற்சியைத் திட்டப்படி செய்யலாம். கைபேசியின் வானிலைச் செயலியில் 'பனிப்புள்ளி' அளவு காட்டப்படுமாயின், 24 டிகிரியும் அதற்கு மேலும் நடைக்குரிய இரவு என்று கொள்ளலாம். இரண்டில் எது எச்சரித்தாலும் அதற்குச் செவிசாயுங்கள்.

எட்டு வாரங்கள்

நம் எடுத்துக்காட்டுத் தொழிலாளர் செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறார். அதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, ஊரிலிருந்து திரும்பியவரின் உடல் அந்நாட்டு வெப்பத்துக்கு மீண்டும் பழக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். விடுப்பில் கழிந்த வாரங்களில் பழைய பழக்கம் பெரும்பாலும் மறைந்திருக்கும். அந்த இரண்டு வாரங்களில் வேலை தவிர வேறு பயிற்சி கூடாது. இரண்டாவது, செப்டம்பர் இறுதியிலிருந்து நவம்பர் வரை துபாயின் இரவுகள் சிறிது சிறிதாகக் குளிர்கின்றன. திட்டத்தின் சுமை ஏறும்போது வெப்பம் இறங்குகிறது.

ஒரு கவனம் தேவை. ஐக்கிய அரபு நாடுகளில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் பன்னிரண்டரை மணி முதல் மூன்று மணி வரை திறந்த வெயிலில் வேலை செய்யத் தடை உள்ளது. செப்டம்பர் 16 முதல் அந்த இடைவேளை இல்லை. வெயிலோ இன்னும் தணிந்திருக்காது. ஆகவே திட்டத்தின் முதல் இரண்டு வாரங்களில் பகல் உழைப்பின் சுமை கூடுகிறது. அதனாலேயே அவ்விரு வாரங்களிலும் ஓட்டமே இல்லை.

வாரத்துக்கு மூன்று இரவுகள். தொடர்ந்து இரண்டு இரவுகள் கூடாது. ஒவ்வோர் இரவும் ஐந்து நிமிட மெது நடையில் தொடங்கி ஐந்து நிமிட மெது நடையில் முடிய வேண்டும். இடைப்பட்ட நேரத்துக்குரியவை பின்வருமாறு:

முதல் வாரம்: 10 நிமிட இயல்பான நடை.

இரண்டாம் வாரம்: 15 நிமிட விரைவு நடை.

மூன்றாம் வாரம்: 1 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை. இவ்வாறு ஆறு முறை.

நான்காம் வாரம்: 2 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை. ஐந்து முறை.

ஐந்தாம் வாரம்: 3 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை. நான்கு முறை.

ஆறாம் வாரம்: 5 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை. மூன்று முறை.

ஏழாம் வாரம்: 8 நிமிட ஓட்டம், 3 நிமிட நடை, மீண்டும் 8 நிமிட ஓட்டம்.

எட்டாம் வாரம்: முதல் இரண்டு இரவுகள் 10 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, மீண்டும் 10 நிமிட ஓட்டம். மூன்றாம் இரவு, காற்று உலர்ந்திருந்தால் மட்டும், 20 நிமிடம் இடைவிடாத ஓட்டம்.

இத்திட்டத்தில் தொலைவும் வேகமும் குறிக்கப்படவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது வேண்டுமென்றே செய்யப்பட்டது. ஒரே வேகம், உலர்ந்த இரவில் எளிதாகவும் ஈரமான இரவில் கடுமையாகவும் இருக்கும். வேகத்தைத் துரத்துபவர், உடல் கெஞ்சும் இரவிலும் அதே வேகத்தைப் பிடிக்க முயல்வார். ஆகவே பேச்சையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். ஓடும்போது ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிய வேண்டும். இரண்டு சொற்களுக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் வேகம் மிகுதி. நடைக்கு மாறிவிடுங்கள்.

ஒரு வாரத்தில் இரண்டு இரவுகள் தவறிப்போனால், அதே வாரத்தை மறுபடியும் செய்யவேண்டும். தவறியதை ஈடுகட்ட ஒரே இரவில் இரட்டிப்பாக ஓடலாகாது. எட்டு வாரம் பத்து வாரமானாலும் இழப்பு ஏதுமில்லை.

ஓடும் இடமும் உடுப்பும்

கேம்ப் சூழ்ந்த சாலைகளில் இரவிலும் லாரிகளும் பேருந்துகளும் ஓடும். எனவே நிறுவனம் இசைந்தால், சுற்றுச்சுவருக்கு உள்ளேயே சுற்றி வருவது நல்லது. நிமிடக் கணக்குத் திட்டமாதலால், சிறிய சுற்றானாலும் குறையில்லை. வெளியே செல்ல நேர்ந்தால், வேலையில் அணியும் ஒளிரும் பட்டை வைத்த மேலங்கியையே மெல்லிய பனியன் மீது அணிந்துகொள்ளலாம். வேலைக்குரிய கனமான பாதுகாப்புக் காலணியில் ஓடக் கூடாது. ஓட்டத்துக்கான காலணியை மாலையில் வாங்குங்கள். நாள் முழுவதும் நின்ற பாதம் சற்று வீங்கியிருக்கும். அவ்வேளையில் பொருந்தும் காலணியே ஓடும்போதும் பொருந்தும்.

எடைக்கருவி சொல்லும் செய்தி

உடலில் நீர் எவ்வளவு குறைந்துள்ளது என்பதை அறியத் தாகத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். எளிய எடைக்கருவி ஒன்று அறைக்குப் பொதுவாக இருந்தால் போதும்.

காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பின் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சில நாள்களில் உங்கள் வழக்கமான காலை எடை எதுவென்று தெரிந்துவிடும். நம் தொழிலாளருக்கு அது 68 கிலோ. ஒருநாள் காலை அது 67 கிலோ அல்லது அதற்கும் குறைவாக இருந்து, சிறுநீரும் அடர்மஞ்சளாக இருந்தால், முந்தைய நாளின் நீரிழப்பு இன்னும் ஈடாகவில்லை என்று பொருள். அன்றிரவு ஓட்டம் கிடையாது.

ஓட்ட இரவிலும் ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓடுமுன் அவரது எடை 68.0 கிலோ. ஓடி முடித்து, வியர்வையைத் துடைத்து, அதே அளவு உடுப்பில் பார்த்தால் 67.5 கிலோ. இடையில் 250 மில்லி தண்ணீர் குடித்திருக்கிறார். ஆக, அரை மணி நேரத்தில் அவர் இழந்த வியர்வை 750 மில்லி. எடையில் இன்னும் குறைந்திருக்கும் அரை லிட்டரை, இரவு உணவோடு சேர்த்துச் சிறுகச் சிறுகக் குடித்தால் போதும்.

இழந்ததற்கு மேலாக இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பதும் தீங்கு. இரத்தத்தில் உப்பின் அடர்த்தி குறைந்து, தலைவலியும் குமட்டலும் குழப்பமும் உண்டாகலாம். உப்புக்கென்று தனி மாத்திரைகளும் வேண்டா. சோறு, சாம்பார், மோர் என்னும் வழக்கமான உணவின் உப்பே அரை மணி நேர ஓட்டத்துக்குப் போதுமானது. இரத்த அழுத்தம் உயர்ந்திருப்பவர்க்கு இது இன்னும் முக்கியம்.

ஓட்டத்துக்குப் பிறகே இரவு உணவு. ஓடுமுன் பசித்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பேரீச்சம்பழமோ உண்ணலாம்.

சிறுநீரகத்தைக் காக்கும் ஒரு விதி

கட்டட வேலை செய்பவர்கள் முதுகுவலிக்கும் முழங்கால் வலிக்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி விழுங்குவது வழக்கமாகிவிட்டது. உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. அப்போது சிறுநீரகம் தன் இரத்தக் குழாய்களை விரித்துவைத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. இவ்வகை மாத்திரைகள் அந்தப் பாதுகாப்பைத் தடுத்துவிடுகின்றன. வெப்பம், நீரிழப்பு, வலி மாத்திரை, ஓட்டம் ஆகிய நான்கும் ஒரே நாளில் கூடுவது சிறுநீரகத்துக்குப் பெருங்கேடு. கடும் வெப்பத்தில் உழைப்போரின் சிறுநீரகம் ஓசையின்றிப் பழுதடைவது மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளரிடமும் இத்தகைய பாதிப்பு ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டிருக்கிறது.

எனவே விதி இதுதான்: வலி மாத்திரை விழுங்கிய நாளில் ஓடாதீர்கள். ஓடுவதற்காக வலி மாத்திரை விழுங்காதீர்கள். ஓட்டத்துக்கு அடுத்த ஓரிரு நாள்களில் தசைகள் அளவுக்கு மீறி வலித்து, சிறுநீர் தேநீர்க் கஷாயம் போலக் கறுத்து வந்தால், தசைகள் சிதைந்து அவற்றின் நிறமி சிறுநீரகத்தில் இறங்குகிறது என்று ஐயுறவேண்டும். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நான்காம் வாரத்து ஓர் இரவு

திட்டம் தாளில் இருப்பது வேறு, நாள் நடப்பது வேறு. நம் தொழிலாளர் அக்டோபர் இரண்டாம் வாரத்தில், அதாவது நான்காம் வாரத்தில் இருக்கிறார் என்று கொள்வோம். திங்கள் இரவு திட்டப்படி ஓடிவிட்டார். செவ்வாயன்று கான்கிரீட் போடுவதால் வேலை நீண்டு, இரவு ஒன்பது மணிக்குத் திரும்பினார். புதன் காலை எடை 66.8 கிலோ. சிறுநீர் அடர்நிறம். அன்று ஓட்ட நாள். "ஒருநாள் விட்டால் பழக்கம் போய்விடும்" என்று அவர் மனம் சொல்லும். ஆனால் எடைக்கருவி வேறு சொல்கிறது. அவர் அன்று ஓடாமல், பகலில் வழக்கத்தினும் அடிக்கடி நீர் அருந்தி, இரவு முன்னதாக உறங்கினார்.

வியாழன் காலை எடை 67.8. சிறுநீர் வெளிர்மஞ்சள். இரவு சன்னலைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடி வியர்த்திருந்தது. அரை மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பினார். சனி இரவு கண்ணாடி உலர்ந்திருந்தது. இரண்டு நிமிட ஓட்டங்கள் ஐந்தையும் முடித்தார். அவ்வாரத்தில் அவர் ஓடியது இரண்டே இரவுகள். ஓர் இரவு நடையாகிப்போனது. எனினும் மூன்று இரவும் கணக்கில் வரும். ஐந்தாம் வாரத்துக்கு அவர் செல்லலாம்.

உடனே நிறுத்தவேண்டிய அறிகுறிகள்

வியர்வை நின்று தோல் உலர்ந்தால்தான் வெப்பத்தாக்கு என்று பலர் எண்ணுகின்றனர். உழைப்பாலும் ஓட்டத்தாலும் வரும் வெப்பத்தாக்கில், உடல் வியர்வையில் நனைந்திருக்கும்போதே ஆபத்து முற்றிவிடலாம். கவனிக்கவேண்டியது அறிவு நிலையை. கேட்டதற்குப் பொருந்தாத விடை சொல்லுதல், தள்ளாடுதல், காரணமின்றிச் சினத்தல், இடம் மறத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அவசரநிலை என்று கொள்ளவேண்டும். ஐக்கிய அரபு நாடுகளில் ஆம்புலன்சுக்கு 998 என்ற எண்ணை அழைக்க வேண்டும். அது வரும்வரை காத்திருக்காமல் உடுப்பைத் தளர்த்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி, விசிறி, பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றி ஒற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அறிவு தெளியாதவருக்கு வாயில் எதையும் புகட்டக் கூடாது.

மார்பில் இறுக்கம், இடக்கையிலோ தாடையிலோ பரவும் வலி, ஓய்வெடுத்தும் அடங்காத படபடப்பு, கண் இருளுதல் ஆகியவையும் உடனே மருத்துவ உதவி தேடவேண்டியவையே.

இத்திட்டத்தை அப்படியே பின்பற்றக் கூடாதவர்களும் உள்ளனர். இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவருக்கு, இரவு ஓட்டத்தின் விளைவாக உறக்கத்தில் சர்க்கரை மிகத் தாழ்ந்துவிடலாம். சிறுநீரைப் பெருக்கும் இரத்த அழுத்த மாத்திரையும், இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மாத்திரையும் வெப்பத்தைத் தாங்கும் திறனைக் குறைக்கும். இவர்கள் ஊரில் இருக்கும்போதே மருத்துவரிடம் மருந்துச் சீட்டைக் காட்டி, இரவு ஓட்டம் பற்றிச் சொல்லி, மாற்றம் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தாமாக மருந்தை நிறுத்தலாகாது.

ஊரில் இருப்பவர்கள் செய்யக்கூடியது

ஓடச் செல்லும் முன், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்பதை அறையில் உள்ள ஒருவரிடம் அவர் சொல்லிச் செல்ல வேண்டும். கேம்பில் துணைக்கு ஒருவர் உடன் நடந்தாலே மேலும் நன்று.

ஊரில் இருக்கும் மனைவியும் பெற்றோரும் தொலைபேசியில் "ஓடினீர்களா?" என்று மட்டும் கேட்டால், ஓடாத நாள் குற்றமாகத் தோன்றிவிடும். உடல் ஒவ்வாத இரவிலும் அவர் ஓடிவிடக்கூடும். அதற்கு மாறாக, "இன்று காலை எடை எவ்வளவு? சிறுநீர் என்ன நிறம்? வலி மாத்திரை ஏதேனும் போட்டீர்களா?" என்று கேளுங்கள். அவ்விடைகள் சரியில்லை என்றால், ஓட வேண்டாம் என்று நீங்களே சொல்லலாம்.

எடை, ஓட்டம் அல்லது நடை, கண்ணாடியின் நிலை ஆகிய மூன்றையும் அவர் ஒரு சிறு நோட்டில் நாள்தோறும் குறித்துவைக்கட்டும். எச்பிஏ1சி அளவு ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டுவதால், எட்டாம் வாரத்தின் முடிவிலேயே அதில் முழு மாற்றத்தைக் காண முடியாது. எட்டாம் வார அளவிலேயே ஓட்டத்தைத் தொடர்ந்து, மேலும் ஒரு மாதம் கழித்துப் பரிசோதிப்பது பொருத்தமானது. அடுத்த விடுப்பில் வரும்போது, அந்த நோட்டையும் அங்குச் செய்த பரிசோதனை முடிவுகளையும் மருத்துவரிடம் கொண்டுவாருங்கள். சிறுநீரகத்தின் நிலையை அறியும் கிரியேட்டினின் பரிசோதனையையும் அப்போது மறவாமல் செய்துகொள்ளுங்கள்.